காலிக் கட்டங்களைச் சராசரியால் நிரப்பலாமா? நான்கு வழிகளின் ஒப்பீடு

தரவுடன் வேலை செய்யத் தொடங்கியவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "ஒரு நெடுவரிசையில் பல கட்டங்கள் காலியாக இருக்கின்றன; அந்த வரிசைகளை நீக்கிவிடுவதா, சராசரியைப் போட்டு நிரப்புவதா, அல்லது வேறு ஏதேனும் செய்வதா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கீழ்க்கண்ட ஒற்றை வரியை எழுதி முடித்திருப்பார்கள். ஏதோ உறுத்துவதால்தான் கேட்கிறார்கள்.

```python
df["bp"] = df["bp"].fillna(df["bp"].mean())
```

உறுத்தல் நியாயமானது. இந்த வரி பிழைச்செய்தி எதையும் தராது. வரிசைகளின் எண்ணிக்கை குறையாது. நெடுவரிசையின் சராசரியும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த நெடுவரிசையை வைத்து அடுத்து நீங்கள் கணக்கிடப்போகும் ஏறத்தாழ எல்லாமே மாறிப்போயிருக்கும். எது, எவ்வளவு, எந்தத் திசையில் மாறுகிறது என்பதை ஒரு சிறிய கணக்கின் மூலம் கண்ணெதிரே பார்த்துவிட்டால், எந்த வழியை எப்போது தேர்வது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளை எடைபோடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்தத் தரவிலிருந்து நமக்கு வேண்டியது என்ன? சராசரி மட்டும் போதுமா, மதிப்புகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது வேண்டுமா, இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவு வேண்டுமா, அல்லது புதிதாக வரும் ஒருவருக்கு முன்கணிப்புச் சொல்லும் மாடல் வேண்டுமா? ஒரே நிரப்பல் முறை இவற்றில் ஒன்றுக்குப் பொருந்தி மற்றொன்றைக் கெடுக்கலாம்.

இரண்டாவது, கட்டங்கள் ஏன் காலியாயின? புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் வகுத்த மூன்று நிலைகளே இன்றும் இதற்கு அடிப்படை. காலியாவதற்கும் தரவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். கருவி தற்செயலாகப் பழுதாகி நின்ற நாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது, நம் கையில் உள்ள வேறொரு நெடுவரிசையைப் பொறுத்துக் காலியாகலாம்; வயதானவர்கள் பரிசோதனைக்கு வராமல் போவதும், அவர்களுடைய வயது நம்மிடம் பதிவாகியிருப்பதும் இந்த வகை. அல்லது, எந்த மதிப்பு விடுபட்டதோ அந்த மதிப்பே விடுபடுதலுக்குக் காரணமாக இருக்கலாம். அழுத்தம் மிகுதியாக இருப்பவர்களே அதை அளக்க விடாமல் நழுவுவது இந்த வகை.

மூன்றாவது, விடையின் மீது எவ்வளவு உறுதி கொள்ளலாம் என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கிறதா? திட்டப் பிழை, நம்பக இடைவெளி போன்றவற்றை எழுதப்போகிறோம் என்றால், நிரப்பிய எண்ணை அளந்த எண்ணாகவே நடத்தும் வழிகள் நம்மைப் பொய் சொல்ல வைக்கும்.

"எத்தனை சதவீதம் காலி" என்ற கேள்வியை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எதையும் செய்யலாம் என்பது போன்ற வாய்பாடுகள் பரவலாக உலவுகின்றன. கேடு எவ்வளவு பெரிதாகும் என்பதைச் சதவீதம் காட்டும் என்பது உண்மைதான். கேடு எந்த வகை என்பதை மேற்கண்ட மூன்று கேள்விகளே காட்டும்.

## கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பத்து பேர்

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. பத்து பேரின் வயதும், இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழே உள்ளன. நட்சத்திரக் குறியிட்ட நான்கு அழுத்தங்கள் பதிவேட்டில் காலியாகிவிட்டன என்று கொள்வோம். உண்மை மதிப்பு நமக்குத் தெரியும் என்பதால், ஒவ்வொரு வழியும் உண்மைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்க்க முடியும்.

| வயது | 25 | 30 | 35 | 40 | 45 | 50 | 55 | 60 | 65 | 70 |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| அழுத்தம் | 112* | 118 | 115 | 124 | 122* | 131 | 127 | 138* | 136* | 147 |

பத்து எண்களும் இருந்திருந்தால் சராசரி 127, திட்ட விலக்கம் 11.1. வயது ஓராண்டு கூடினால் அழுத்தம் சராசரியாக 0.70 கூடுகிறது, இதையே சாய்வு என்கிறோம். வயதுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.95. மீதமுள்ள ஆறு எண்களின் சராசரியும் 127 ஆகவே வருமாறு வேண்டுமென்றே அமைத்திருக்கிறேன். ஆகவே சராசரி நிரப்பலுக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடைக்காது.

## வழி 1: சராசரியால் நிரப்புதல்

நான்கு காலிக் கட்டங்களிலும் 127 என்று எழுதுகிறோம். சராசரி 127 ஆகவே நிற்கிறது. இந்த வழி காப்பாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரே பொருள் அதுதான், அதைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது திட்ட விலக்கத்தைப் பாருங்கள். சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வர்க்கப்படுத்திக் கூட்டினால், அளந்த ஆறு பேரும் சேர்ந்து தருவது 650. நிரப்பிய நான்கு பேரும் சராசரியின் மீதே உட்கார்ந்திருப்பதால் அவர்கள் தருவது சுழியம். கூட்டுத்தொகை 650-ஆகவே இருக்க, வகுக்கும் எண் மட்டும் 5-இலிருந்து 9-ஆகிவிடுகிறது. எனவே 11.4 ஆக இருந்த திட்ட விலக்கம் 8.5 ஆகச் சுருங்குகிறது. இது இந்தப் பத்து பேருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. காலிக் கட்டம் ஒவ்வொன்றும் கூட்டுத்தொகையில் ஒன்றும் சேர்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதால், சராசரி நிரப்பல் எப்போதும் பரவலைச் சுருக்கவே செய்யும்.

வயதுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு இன்னும் மோசமாக அடிபடுகிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் 127, அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் 127 என்று எழுதியிருக்கிறோம் அல்லவா? வரைபடத்தில் அந்த நான்கு புள்ளிகளும் ஒரே கிடைக்கோட்டில் நிற்கும். ஏறிச்செல்லும் கோட்டை அவை இரு முனைகளிலும் பிடித்துத் தட்டையாக்கும். கணக்கில் இது எப்படி நிகழ்கிறது என்பதைக் கவனித்துப் பார்ப்பது பயனுள்ளது. சாய்வு என்பது ஒரு பின்னம். மேலே, வயதும் அழுத்தமும் சேர்ந்து விலகும் அளவு; கீழே, வயது மட்டும் விலகும் அளவு. அளந்த ஆறு பேரை மட்டும் வைத்தால் அது 790 ÷ 1083, அதாவது 0.73. சராசரியால் நிரப்பிய பின் மேலே உள்ள 790 ஓர் இம்மியும் மாறுவதில்லை, ஏனென்றால் புதிய நால்வரின் அழுத்த விலகல் சுழியம். கீழே மட்டும், நால்வரின் வயதும் சேர்ந்துகொள்வதால், 1083 என்பது 2062.5 ஆகிறது. பின்னம் 0.38-க்கு இறங்குகிறது. வயதின் விளைவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அதைச் செய்தது ஒரே ஒரு வரி. ஒட்டுறவுக் கெழுவும் 0.68-க்கு இறங்கிவிடுகிறது.

கட்டங்கள் முற்றிலும் தற்செயலாகக் காலியாகும்போது இதற்கு ஒரு பொதுவான அளவு உண்டு. நூற்றுக்கு 40 காலி என்றால், பெரிய தரவுத்தொகுதியில் சாய்வு ஏறத்தாழ 0.6 மடங்காகும், திட்ட விலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் 0.6-இன் வர்க்கமூலமான 0.77 மடங்காகும். நம் பத்து பேரின் எண்கள் இதிலிருந்து சற்று விலகுவது தொகுதி சிறியது என்பதால்தான்.

மறைந்திருக்கும் அடுத்த செலவு பொய்யான உறுதி. சராசரியின் திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பது. பத்து பேரையும் உண்மையாகவே அளந்திருந்தால் அது 3.5 ஆக இருந்திருக்கும். ஆறு பேரை மட்டும் அளந்ததை நேர்மையாக ஒப்புக்கொண்டால் 4.7. சராசரியால் நிரப்பினால் கிடைப்பது 2.7. நால்வரை அளக்காமல் விட்டதால் நம் அறிவு கூடிவிட்டது என்று கணக்கு சொல்கிறது. இந்த எண்ணைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் காட்டுவது வழக்கம். பரவல் சுருங்குவதை ஒரு சிறிய குறையாக நினைத்துக் கடந்துபோகிறவர்களும் இதைக் கண்டால் நின்றுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. காலிக் கட்டங்கள் அழுத்தத்தில் இல்லாமல் வயதில் இருந்து, வயது ஒன்றே விளக்கும் மாறியாக இருந்தால், சராசரி நிரப்பலுக்குப் பின் கிடைக்கும் சாய்வு, காலி வரிசைகளை நீக்கினால் கிடைக்கும் சாய்வுக்கு அச்சுப் பிசகாமல் சமமாக இருக்கும். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள், நிரப்பல் தீங்கற்றது என்று நம்பிவிடுகிறார்கள். அதே மாடலில் எடை, உப்பு அளவு என்று வயதோடு ஒட்டி நகரும் இன்னொரு மாறி சேர்ந்தவுடன் நிலைமை மாறிவிடும். வயது தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே வயதைக் கொடுத்துவிட்டதால், வயதுக்குச் சேர வேண்டிய விளைவு அந்த இன்னொரு மாறியின் கணக்கில் ஏறிவிடும். இப்படி ஊதிப்பெருத்த கெழுவை வைத்து, எடையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர் எழுதக்கூடும்.

### காலியாவதற்கு வயதே காரணம் என்றால்

இதுவரை பார்த்தது சாதகமான நிலை. இப்போது அதே பத்து பேரில், மூத்தவர்கள் நால்வருடைய அழுத்தம் விடுபட்டதாகக் கொள்வோம். கையில் இருப்பவை 25 முதல் 50 வயது வரையிலான ஆறு பேரின் எண்கள். அவற்றின் சராசரி 120.3. எழுபது வயதுக்காரருடைய உண்மையான 147-க்குப் பதிலாக 120.3 என்று எழுதுகிறோம். முன்பு சராசரியாவது தப்பியது. இப்போது அதுவும் ஏறத்தாழ 7 புள்ளி கீழே போய்விட்டது. அடிப்படையே சாய்ந்திருக்கும்போது அதையே எடுத்து ஓட்டைகளை அடைக்கிறோம்.

### எப்போது இது பொருந்தும்

இவ்வளவு சொன்ன பிறகும், சராசரி நிரப்பலுக்கு உரிய இடங்கள் இருக்கின்றன என்பதை மறுக்கக் கூடாது. ஒன்று, முன்கணிப்பு மாடல்; அதைப் பின்னால் தனியாகப் பார்க்கிறேன். மற்றொன்று, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வு. அங்கே தொடக்கத்தில் எடுத்த அளவுகளில் சில காலியாக இருந்தால், அவற்றைச் சராசரியால் நிரப்புவது சிகிச்சையின் விளைவை ஒருபக்கம் சாய்க்காது. குலுக்கல் நடப்பதற்கு முன் எடுத்த அளவு என்பதால், அது காலியாக இருப்பதற்கும் யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்பதற்கும் தொடர்பு இருக்க முடியாது. சிகிச்சைக்குப் பின் அளந்த விளைவு காலியாக இருந்தால் இந்தச் சலுகை செல்லாது.

## வழி 2: காலி வரிசைகளை நீக்குதல்

தரவை இழக்கிறோம் என்ற அச்சத்தால் பலரும் இந்த வழியை ஒதுக்குகிறார்கள். என் கணிப்பில் இதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை. முதல் நிலையில் ஆறு பேரை மட்டும் வைத்தால் சராசரி 127, திட்ட விலக்கம் 11.4, சாய்வு 0.73, ஒட்டுறவு 0.94. எல்லாமே உண்மைக்கு அருகில் இருக்கின்றன. திட்டப் பிழை பெரிதாகிறது. ஆனால் அது உண்மையிலேயே நமக்குத் தெரியாதவற்றின் அளவு.

மூத்த நால்வர் விடுபட்ட இரண்டாம் நிலையில் விடை இரண்டாகப் பிரிகிறது. சராசரி வேண்டுமென்றால் நீக்கல் தவறு; அதே 120.3-தான் வரும். சாய்வு வேண்டுமென்றால் ஆறு பேரிலிருந்து 0.66 கிடைக்கிறது, உண்மையான 0.70-க்கு அது நெருக்கமே. காலியாவதற்குக் காரணமான வயது மாடலுக்குள்ளேயே இருப்பதால் இப்படி நடக்கிறது. ஒரே தரவு, ஒரே நீக்கல். கேட்ட கேள்வியைப் பொறுத்து ஒரு விடை சரி, மற்றது பிழை.

நீக்கலின் உண்மையான செலவு நெடுவரிசைகள் பெருகும்போது வெளிப்படும். இருபது நெடுவரிசைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 5 சதவீதம் மட்டுமே காலியாக இருந்தால்கூட, முழுமையான வரிசைகள் 36 சதவீதம்தான் எஞ்சும். ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியே பார்த்தவருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது. ஆகவே மாடலில் உண்மையிலேயே பயன்படுத்தும் நெடுவரிசைகளை முதலில் தேர்ந்து, அவற்றில் காலி உள்ள வரிசைகளை மட்டும் நீக்குவதே முறை.

## வழி 3: மற்ற நெடுவரிசைகளை வைத்து மதிப்பிட்டு நிரப்புதல்

எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல், அவரவர் வயதுக்கு ஏற்ற எண்ணைக் கொடுக்கிறோம். அளந்த ஆறு பேருக்குப் பொருந்தும் கோட்டை வரைந்து, முதல் நிலையின் காலிக் கட்டங்களை அந்தக் கோட்டிலிருந்து எடுத்தால் 25 வயதுக்கு 111, 45-க்கு 126, 60-க்கு 137, 65-க்கு 140 வருகின்றன. உண்மை மதிப்புகள் 112, 122, 138, 136. எல்லாருக்கும் 127 என்று எழுதியதோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படை.

மூத்தவர்கள் விடுபட்ட நிலையில் இதன் வலிமை இன்னும் தெளிவாகத் தெரியும். 50 வயது வரை உள்ள ஆறு பேரின் கோட்டை நீட்டினால் மீதி நால்வருக்கு 132, 135, 139, 142 வருகின்றன. பத்து பேரின் சராசரி 127.0. சராசரி நிரப்பலும் நீக்கலும் 120.3-இல் சிக்கிக்கொண்ட இடத்தில் இது உண்மையைத் தொட்டுவிட்டது. இவ்வளவு துல்லியமாக வந்தது சிறிய எடுத்துக்காட்டின் நற்பேறும்தான். அளந்த வயதுகளுக்கு வெளியே கோட்டை நீட்டும்போது, அங்கேயும் உறவு நேர்கோடாகவே தொடரும் என்ற நம்பிக்கையை நாம் சேர்த்தே நீட்டுகிறோம். ஐம்பதுக்குப் பின் ஏற்றம் செங்குத்தாகியிருந்தால் இந்த விடை தாழ்வாகவே வந்திருக்கும்.

இந்த வழியின் மறைந்த செலவு, சராசரி நிரப்பலின் செலவுக்கு நேர் எதிரானது. நிரப்பிய புள்ளிகள் எல்லாம் கோட்டின் மீதே அடுக்கிவைத்தாற்போல் நிற்கும். உண்மையான மனிதர்கள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறியிருப்பார்கள். ஆகவே முதல் நிலையில் ஒட்டுறவுக் கெழு 0.94-இலிருந்து 0.97-க்கு ஏறிவிடுகிறது, உறவு உள்ளதைவிட உறுதியாகத் தோன்றுகிறது. கோட்டிலிருந்து கிடைக்கும் எண்ணோடு, அளந்தவர்கள் எவ்வளவு சிதறியிருக்கிறார்களோ அதே அளவில் ஒரு தற்செயல் விலகலைச் சேர்த்து நிரப்பினால் இந்தக் குறை நீங்கும். நம் ஆறு பேரில் அந்தச் சிதறல் சுமார் 4.3. ஆனாலும் நிரப்பிய எண்ணை அளந்த எண்ணாக எண்ணும் குறை அப்படியே இருக்கிறது.

## வழி 4: பலமுறை நிரப்புதல்

ரூபினே வளர்த்தெடுத்த வழி இது. ஒரு காலிக் கட்டத்துக்கு ஒரே எண் என்று பிடிவாதம் பிடிக்காமல், தற்செயல் விலகலோடு பலமுறை நிரப்பிப் பல முழுமையான தரவுத்தொகுதிகளை உருவாக்குகிறோம். இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு தொகுதியில் 108 இருக்கும், இன்னொன்றில் 116 இருக்கும். கோட்டின் சாய்வே நமக்குத் துல்லியமாகத் தெரியாது என்பதால், ஒவ்வொரு முறையும் கோடும் சற்று அசைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியே கணக்கிட்டு, கடைசியில் விடைகளைச் சேர்க்கிறோம்.

சேர்ப்பது எளிது. நம் பத்து பேருக்கு ஐந்து முறை நிரப்பியதில் சாய்வுகள் 0.62, 0.84, 0.73, 0.66, 0.80 என்று வந்ததாகக் கொள்வோம். இறுதி விடை அவற்றின் சராசரியான 0.73. அதன் பிழைக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இருக்கும் திட்டப் பிழை சுமார் 0.095, அதன் வர்க்கம் 0.009. தொகுதிக்குத் தொகுதி விடை மாறும் அளவின் வர்க்கம் 0.0085, ஐந்து முறையே நிரப்பியதால் அதை 1.2-ஆல் பெருக்குகிறோம். கூட்டினால் 0.0192, அதன் வர்க்கமூலம் 0.14. ஒரே முறை நிரப்பி நிறுத்தியிருந்தால் 0.095 என்று சொல்லியிருப்போம். இடையில் உள்ள வேறுபாடு, காலிக் கட்டங்களைப் பற்றிய நம் அறியாமைக்கு உரிய பங்கு.

ஆர் மொழியில் இதற்கு `mice` தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது:

```r
imp <- mice(df, m = 20)
fit <- with(imp, lm(bp ~ age))
summary(pool(fit))
```

எண் நெடுவரிசைகளுக்கு இந்தத் தொகுப்பு இயல்பாகவே ஒரு நல்ல காரியம் செய்கிறது. மாடலின் மதிப்பீட்டுக்கு நெருக்கமாக இருக்கும், உண்மையில் அளந்த சிலரிலிருந்து ஒருவரைத் தற்செயலாகத் தேர்ந்து, அவருடைய எண்ணையே காலிக் கட்டத்தில் எழுதுகிறது. இதனால் எதிர்மறை எடை, அரைக் குழந்தை போன்ற நடக்கவே முடியாத மதிப்புகள் வருவதில்லை.

செலவுகளும் உண்டு. நிரப்பும் மாடலில் விளைவு மாறியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்; விளைவை வைத்து விளக்கும் மாறியை நிரப்புவது ஏமாற்று வேலை என்று நினைத்து அதை விட்டுவிடுவோரின் சாய்வு, சராசரி நிரப்பலில் போலவே, சுழியத்தை நோக்கிச் சுருங்கும். இருபது தொகுதிகளையும் சராசரி எடுத்து ஒரே தொகுதியாக்கிவிடுவது மற்றொரு பிழை. அப்படிச் செய்தால் வழி 3-க்கே திரும்பிவிடுகிறோம். அதோடு, எங்கும் பொருந்தும் மந்திரமும் இது அன்று. விளைவு மட்டுமே காலியாக இருந்து, காலியாவதற்கான காரணம் ஏற்கெனவே மாடலில் இருந்து, வேறு துணைத் தகவலும் இல்லையென்றால், காலி வரிசைகளை நீக்கிய ரிக்ரெஷன் இதற்கு எந்த வகையிலும் குறைந்ததாகாது. நம் பத்து பேரின் சாய்வுக் கணக்கே அப்படிப்பட்டதுதான்: நீக்கல் தரும் திட்டப் பிழை 0.13, பலமுறை நிரப்பல் தருவது 0.14. விளக்கும் மாறிகள் பலவற்றில் காலிகள் சிதறிக் கிடக்கும்போதும், மாடலில் இல்லாத வேறொரு நெடுவரிசை விடுபட்ட மதிப்பைப் பற்றித் துப்புத் தரும்போதும்தான் இந்த உழைப்புக்குப் பலன் கிடைக்கும்.

## எண்கள் அருகருகே

காலிகள் வயதெல்லையெங்கும் சிதறிய முதல் நிலைக்கு உரியவை இவை.

| வழி | சராசரி | திட்ட விலக்கம் | சாய்வு | ஒட்டுறவு |
|---|---|---|---|---|
| உண்மை (பத்து பேரும்) | 127.0 | 11.1 | 0.70 | 0.95 |
| சராசரியால் நிரப்பல் | 127.0 | 8.5 | 0.38 | 0.68 |
| வரிசை நீக்கல் | 127.0 | 11.4 | 0.73 | 0.94 |
| கோட்டிலிருந்து நிரப்பல் | 127.6 | 11.4 | 0.73 | 0.97 |

## முன்கணிப்பு மட்டுமே நோக்கம் என்றால்

இங்கே எடைகள் மாறுகின்றன. சாய்வு உண்மையா என்று நாம் கேட்பதில்லை. புதிதாக வருபவருக்குக் கணிப்பு சரியாக வருகிறதா என்றே கேட்கிறோம். நாளை வரும் ஒருவருடைய அழுத்தமும் காலியாக இருக்கலாம். அவருடைய வரிசையை நீக்கிவிட்டு அவருக்குக் கணிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே நீக்கல் என்ற வழியே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்த நோக்கத்துக்குச் சராசரி நிரப்பல் ஏற்கத்தக்கது, இரண்டு நிபந்தனைகளோடு. காலியாக இருந்த கட்டங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று ஒரு குறிப்பு நெடுவரிசையைக் கூடவே சேர்க்க வேண்டும். "அளக்கவில்லை" என்பதே சில நேரங்களில் மிக நல்ல தகவல். சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் `SimpleImputer(strategy="mean", add_indicator=True)` இதைச் செய்துவிடும். மேலும், சராசரியைப் பயிற்சித் தரவிலிருந்து மட்டுமே கணக்கிட்டு, அதே எண்ணைச் சோதனைத் தரவிலும் பயன்படுத்த வேண்டும். தரவைப் பிரிக்கும் முன்பே மேலே காட்டிய `fillna` வரியை எழுதிவிட்டால், சோதனைத் தரவின் தகவல் பயிற்சிக்குள் கசிந்துவிடும். மரவகை மாடல்களில் சில, எடுத்துக்காட்டாக `HistGradientBoostingClassifier`, காலிக் கட்டங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அவற்றுக்கு நிரப்பவே தேவையில்லை.

## ஏற்கெனவே நிரப்பப்பட்ட தரவு கைக்கு வந்தால்

பிறர் நிரப்பிக் கொடுத்த தரவில் இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஒவ்வொரு எண் நெடுவரிசையிலும் மிகுதியாக வரும் மதிப்பு எது, எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். முழு எண்களாகப் பதிவான நெடுவரிசையில் 155.548 போன்ற ஒன்று நூற்றுக்கணக்கான முறை வந்தால் ஐயமே வேண்டாம். இந்த எண்ணை நான் சும்மா எழுதவில்லை. நீரிழிவுக் கணிப்புப் பயிற்சிக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும், பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரைக் கொண்ட தரவுத்தொகுதியில், இன்சுலின் நெடுவரிசையில் 374 பேருக்கு 0 என்று இருக்கிறது. அது அளவு அன்று, அளக்காததன் அடையாளம். அதை அறியாமல் சராசரி எடுத்தால் 79.8 வரும், சுழியங்களைக் காலியாக்கிவிட்டு எடுத்தால் 155.5 வரும். இரண்டாவதைச் செய்தவர் கவனமானவர்தான். ஆனால் அவர் அந்த 155.5-ஐ 374 பேருக்கும் எழுதிவிட்டால், நெடுவரிசையின் ஏறத்தாழ பாதி ஒரே எண்ணாகி, திட்ட விலக்கம் 0.72 மடங்காகச் சுருங்கி, குளுக்கோசோடு இன்சுலினுக்கு உள்ள உறவும் மங்கிவிடும். வரைபடத்தில் நடுவே ஒற்றைக் கம்பம் போல் உயர்ந்து நிற்பது இதுதான்.

நிரப்பும் முன் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. அழுத்தம் உள்ளவர்கள், காலியானவர்கள் என்று இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரு குழுக்களின் வயதுச் சராசரியை ஒப்பிடுங்கள். நம் முதல் நிலையில் அவை 46.7, 48.8, பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாம் நிலையில் 37.5, 62.5. இவ்வளவு விலகல் இருந்தால் சராசரி நிரப்பல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

விடுபட்ட மதிப்பே விடுபடுதலுக்குக் காரணம் என்ற மூன்றாம் நிலையை இந்தச் சோதனை காட்டாது. கையில் உள்ள தரவை வைத்து எந்தச் சோதனையாலும் அதைக் காட்ட முடியாது. அப்படி ஐயம் இருந்தால், நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், நிரப்பிய எண்களை வேண்டுமென்றே நகர்த்திப் பார்ப்பதே செய்யத்தக்கது. மூத்த நால்வருக்குக் கோட்டிலிருந்து வந்த எண்களோடு 5 சேர்த்தால் பத்து பேரின் சராசரி 129 ஆகும்; 10 சேர்த்தால் 131 ஆகும். 130-ஐத் தாண்டினால் ஒரு முடிவு, தாண்டாவிட்டால் வேறு முடிவு என்று இருக்குமானால், அந்த நால்வரின் உண்மையான அழுத்தம் கோடு சொல்வதைவிட 8 புள்ளி கூடுதலாக இருக்கக்கூடுமா என்பதை அவர்களை அறிந்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.